தூங்கப் போகும் முன் மூன்று கேள்வி, இரண்டு நிமிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். மூன்று வருடமாகப் படுக்கப் போகும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வருகிறேன், என்னைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிலர் தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். கேள்விகளை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இங்கே பெரும்பாலும் அதைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இப்போதே மூன்று கேள்வியும் வேண்டும். விளக்கத்தைப் பிறகு படிக்கிறேன்.

சரி, இதை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்று நடந்ததில் எது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது?
இன்று எந்த வேலை எந்த இடத்தில் நின்றுபோனது?
நாளை முதலில் கை வைப்பது எதில், எத்தனை மணிக்கு?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில். ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது. இவை பொதுவாக எழுதியவை, ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகு உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் ஏற்ற மாதிரி மாற்றாவிட்டால் பதில்கள் வெளிறிப்போகும், அது எப்படி என்று கீழே ஒரு தையல்கார அக்காவின் கதையில் வருகிறது.

இரண்டு நிமிடத்தில் என்னதான் எழுத முடியும்? எனக்கு யோசிக்கவே அவ்வளவு நேரம் வேண்டும்.

இரண்டு நிமிடம் என்றால் 120 செக்கன். நான் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். மூன்று கேள்வியையும் வாசிக்க 15 செக்கன் போனது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு 10 செக்கன் யோசித்தால் அதில் 30 போகும். மிச்சம் 75 செக்கன். களைத்த கையால் நான் நிமிடத்துக்குப் 15 சொல் எழுதுகிறேன், அப்படியென்றால் மொத்தம் 18 அல்லது 19 சொல், கேள்விக்கு ஆறு சொல்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஆறு சொல்லில் முடிகிற பதிலைத் தரும் கேள்விதான் வேண்டும். 'இந்த நாள் எனக்கு என்ன கற்றுத் தந்தது' என்று கேட்டால் ஆறு சொல்லில் பதில் வராது. வந்தாலும் 'பொறுமையாக இருக்க வேண்டும்' என்பது போன்ற ஒன்றுதான் வரும். 'எது கண்ணுக்குள் நிற்கிறது' என்று கேட்டால் 'கோட்டை வாசலில் மான்குட்டி பால் குடித்தது' என்று வருகிறது. ஐந்தே சொல், ஆனால் அடுத்த வருடம் படித்தாலும் அந்த நாள் திரும்பி வரும்.

முதல் மூன்று இரவு நீங்களும் நேரம் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் கையை விரட்டாதீர்கள், கேள்வியைச் சுருக்குங்கள். அநேகமாக ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கும். 'இன்று யாரோடு மனஸ்தாபம் வந்தது, அதை எப்படிச் சரிசெய்யலாம்' என்பதில் இரண்டாவது பாதி தனியாகவே பத்து நிமிடம் கேட்கும்.

ஏன் மூன்று? ஐந்து கேட்டால் இன்னும் நல்லதுதானே?

நான் ஏழில் தொடங்கினேன். சாப்பாடு, உடற்பயிற்சி, கோபம், நன்றி, காசு, படிப்பு, நாளைய திட்டம் என்று ஏழு. பதினோரு இரவு ஓடியது. பன்னிரண்டாவது இரவு பக்கத்தைத் திறந்து ஏழு வரியையும் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன், அன்று எழுதுவதற்கு நிறைய இருந்தும்கூட. படுக்கையருகே வரும் ஆளுக்குக் கண் சொக்கிக்கொண்டிருக்கும், அந்த ஆளால் செய்ய முடிந்த அளவுக்குத்தான் கேள்வி வைக்க வேண்டும். பகலில் தெம்பாக உட்கார்ந்து எழுதும்போது இது நினைவில் நிற்பதில்லை.

மூன்று என்பது பழைய எண்ணிக்கை. ரோமத் தத்துவவாதி செனெகா, தனக்கு மூத்தவரான செக்ஸ்டியஸ் இரவில் தன் மனதிடம் மூன்று கேட்பார் என்று எழுதியிருக்கிறார்: இன்று உன் எந்தத் தீமையைக் குணப்படுத்தினாய், எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய், எதில் முன்பைவிட நல்லவனானாய். செனெகாவும் விளக்கை எடுத்துப் போன பிறகு, இந்த வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாளை முழுக்கப் புரட்டிப் பார்ப்பாராம். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மூன்றும் ஒரே திசையில் போகின்றன, எல்லாமே குணத்தைத் திருத்துவது பற்றியவை, செனெகாவே அதை நீதிபதி முன் நிற்பதற்கு ஒப்பிடுகிறார். அதற்கு நிதானமான நேரம் வேண்டும். இரண்டு நிமிடக்காரர்களுக்கு நான் மூன்றையும் மூன்று பக்கம் திருப்பி வைக்கிறேன்: ஒன்று பார்த்தது, ஒன்று சிக்கியது, ஒன்று நாளைக்கு. சிக்கியதை நடுவில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்தால் அதோடுதான் படுக்க வேண்டியிருக்கும்.

நானே கேள்வி எழுதினேன். ஆனால் தினமும் ஒரே பதில்தான் வருகிறது. எங்கே பிழை?

பாலையூற்றில் வீட்டோடு தையல் செய்யும் ஒரு அக்கா இதையேதான் என்னிடம் கேட்டார். அவர் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய கேள்விகள் இவை: இன்று எதற்கு நன்றி சொல்கிறேன்? இன்று நேரத்தை நன்றாகப் பயன்படுத்தினேனா? நாளை எப்படி இன்னும் சிறப்பாகச் செய்வேன்?

ஒன்பது இரவு எழுதியிருந்தார். முதல் கேள்விக்கு ஏழு இரவு 'கடவுளுக்கு, பிள்ளைகளுக்கு' என்று இருந்தது. இரண்டாவதற்கு 'ஓரளவு', 'ஓம்', 'இல்லை', 'ஓரளவு'. மூன்றாவதற்கு 'இன்னும் கவனமாக'. நான் திகதியைக் கையால் மறைத்துக்கொண்டு, 'அக்கா, இது எந்த நாள் எழுதினது?' என்று கேட்டேன். அவருக்குச் சொல்ல முடியவில்லை. வேறு ஒரு இரவைக் காட்டினேன், அதுவும் தெரியவில்லை.

அந்தத் திகதியை மறைக்கும் சோதனையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். நேற்றைய பதிலை இன்றைய வரியில் அப்படியே எழுதினாலும் பொருந்துகிறது என்றால், அந்தக் கேள்வி அன்றைய நாளைத் தொடவே இல்லை. எழுதியவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. கேள்வி அவரிடம் கருத்தைக் கேட்டது, அவர் கருத்தைத் தந்தார், கருத்து தினமும் மாறுகிற பொருளா?

பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம்.

முதல் கேள்வியில் 'எதற்கு நன்றி' என்பதை எடுத்துவிட்டு 'இன்று யார் எனக்காக என்ன செய்தார்' என்று வைத்தோம். ஒரு ஆள், ஒரு செயல். அன்றிரவே பதில் மாறிவிட்டது: 'பக்கத்து வீட்டுத் தம்பி காஸ் சிலிண்டர் தூக்கித் தந்தான்.' கடவுளுக்கு நன்றி சொல்வதில் ஒரு குறையும் இல்லை, அக்கா அதைப் பூசை அறையில் சொல்கிறார், கொப்பிக்கு வேறு வேலை.

இரண்டாவதில் பெரிய சிக்கல். 'பயன்படுத்தினேனா' என்று முடிகிற கேள்விக்கு ஓம், இல்லை தவிர வேறு என்ன வரும்? அதோடு தன்னைத்தானே மதிப்பெண் போடச் சொல்கிறது, களைத்த மனிதர் தனக்குக் குறைவாகத்தான் போடுவார். அக்காவின் வேலை துணி. ஆகவே கேள்வியையும் துணிக்குக் கொண்டுபோனோம்: 'இன்று எந்தத் துணி மேசையில் அசையாமல் கிடந்தது, எது குறைந்தது?' முதல் பதில்: 'நீலச் சாறி பிளவுஸ், கைநீள அளவு எழுதவில்லை.' அடுத்த இரவு: 'பள்ளி யூனிபோம், வெள்ளை நூல் முடிந்தது.' இப்படியே போய்ப் பத்து இரவு கழித்துப் பார்த்தால் நான்கு இரவில் துணி நின்றதற்குக் காரணம் ஒரே காரணம், ஏதோ ஒரு அளவை எடுக்காமல் விட்டது. வாடிக்கையாளர் அவசரத்தில் பழைய பிளவுஸைக் கொடுத்துவிட்டு 'இதுபோலவே' என்று போய்விடுகிறார், கைநீளம் மட்டும் வேறு வேண்டும் என்று வாயால் சொன்னது இரண்டு நாளில் மறந்துபோகிறது. இப்போது அவர் துண்டுச்சீட்டில் எல்லா அளவுக்கும் இடம் கீறி வைத்திருக்கிறார், வெறுமையாக இருக்கும் இடம் கண்ணில் குத்தும்.

மூன்றாவது 'நாளை காலை மெஷினில் முதலில் ஏறும் துணி எது?' என்று ஆனது. 'பச்சை பிளவுஸ், கொக்கி மட்டும்' என்று எழுதிவிட்டு அந்தத் துணியை எடுத்து மெஷின் மேல் போட்டுவிட்டுப் படுக்கிறார். எழுதுவதற்கும் துணியைப் போடுவதற்கும் சேர்த்தே இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

'ஏன்' என்று கேட்டால்தானே காரணம் தெரியும்? நீங்கள் ஏன் அந்தச் சொல்லையே வைக்கவில்லை?

பகலில் கேளுங்கள், இரவில் வேண்டாம். எக்செட்டர் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வை ஆராயும் எட்வர்ட் வாட்கின்ஸ் இதில் ஒரு முக்கியமான பிரிவைக் காட்டினார்: கஷ்டமான ஒன்றை நினைக்கும்போது 'ஏன் எனக்கு இப்படி, இதற்கு என்ன அர்த்தம்' என்று பொதுப்படையாகப் போகும் சிந்தனை சுழன்றுகொண்டே இருக்கும், 'எப்போது, எங்கே, எப்படி நடந்தது' என்று குறிப்பாகப் போகும் சிந்தனை ஒரு இடத்தில் வந்து நிற்கும். படுக்கையில் கிடந்து ஒரே பேச்சை நூறு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அதனால் 'ஏன் பிள்ளையிடம் கத்தினேன்' என்று எழுதாமல் 'பிள்ளையிடம் கத்தியபோது மணி எத்தனை, கையில் என்ன இருந்தது' என்று எழுதிப் பாருங்கள். எனக்கு ஒரு வாரம் எழுதியபோது நான்கு தரம் மாலை ஆறு மணி, கையில் தேங்காய்த் துருவி. டியூசனுக்குப் போகும் மகளின் சப்பாத்தைத் தேடும் அவசரமும் புட்டுக்குத் தேங்காய் துருவும் வேலையும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டிருந்தன. சப்பாத்தை மத்தியானமே வாசலில் வைக்கச் சொன்னேன், தேங்காயை ஐந்து மணிக்கே துருவி வைத்தேன். நான் நல்ல அம்மாவா இல்லையா என்று ஒரு மாதம் யோசித்திருந்தாலும் சப்பாத்து நினைவுக்கு வந்திருக்காது.

உங்கள் கேள்வி எந்தப் பக்கம் என்று தெரிய அதில் உள்ள வினாச்சொல்லைப் பாருங்கள். எது, யார், எப்போது, எங்கே, எத்தனை என்று இருந்தால் பெரும்பாலும் சரி. தையல்கார அக்காவுக்கு 'எது குறைந்தது' என்று வைத்ததும் அதனால்தான். 'ஏன் முடிக்கவில்லை' என்றிருந்தால் 'என் கவனக்குறைவு' என்று எழுதியிருப்பார்.

மூன்றாவது கேள்வியைத் தொட்டதும் நாளைய வேலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. தூக்கம் போய்விடுகிறது.

வருவதை வெளியே இறக்கி வைத்தால் தூக்கம் வரும், தலைக்குள்ளேயே வைத்திருந்தால்தான் வராது. 2018-இல் வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் குழுவினரும் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுகூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் படுக்கும் முன் 5 நிமிடம் அடுத்த நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் ஏற்கெனவே முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள், அவர்களிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ஒரே ஒரு ஆய்வு, எல்லோரும் ஆரோக்கியமான இளம் வயதினர், அதனால் இதை மருந்துச் சீட்டு போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

நம்மிடம் ஐந்து நிமிடம் இல்லை, ஆகவே மூன்றாவது கேள்வி ஒன்றே ஒன்றைத்தான் கேட்க வேண்டும், நேரத்தோடு. 'நாளை வங்கிக்குப் போக வேண்டும்' என்று எழுதினால் அது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ஒன்பதரைக்கு, மகனைப் பள்ளியில் விட்டதும், நேரே வங்கி, பாஸ்புத்தகம் பையில்' என்றால் நாளைக்கு முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. இப்படி 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று ஒரு செயலை இன்னொன்றோடு முடிச்சுப்போடும் முறையைத்தான் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்தார், வெறும் எண்ணத்தைவிட இது செயலாகும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்.

மற்ற வேலைகளும் தள்ளிக்கொண்டு வந்தால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சொற்களாக மட்டும் கொட்டிவிடுங்கள்: கரண்ட் பில், மாமி மருந்து, சைக்கிள் டயர். அது மூன்று கேள்வியில் சேராது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

போனில் எழுதலாமா, கொப்பிதான் வேண்டுமா?

கொப்பி. போனில் எழுத முடியாது என்பதில்லை, ஆனால் குறிப்பெழுதத் திறந்த போனில் ஒரு குறுஞ்செய்தி கண்ணில் பட்டால் இரண்டு நிமிடம் நாற்பதாகும், இதை எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன். ஒற்றைக்கோட்டுக் கொப்பி, அதோடு நூலில் கட்டிய ஒரு பேனை. பேனை கட்டியிருப்பது சின்ன விஷயம்போலத் தெரியும், பேனை தேடப் போன இரவில் நான் திரும்பி வந்து எழுதியதே இல்லை.

எழுதச் சிரமப்படுபவர்கள் வாயால் சொல்லலாம். திருக்கடலூரில் ஒரு பெரியவர் தன் மனைவியிடம் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறார், மனைவியும் சொல்கிறார். அவர்களிடம் எழுத்து எதுவும் மிஞ்சுவதில்லை, அது அவர்களுக்குத் தேவையும் இல்லை.

எந்த நேரத்தில் எழுதுவது? ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தேன், சரிவரவில்லை.

மணியோடு கட்டாதீர்கள், தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். ஒன்பது மணிக்கு நீங்கள் கறி சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள், அலாரம் அடிக்கும், அணைப்பீர்கள், அவ்வளவுதான். எனக்கு நுளம்பு வலை. வலையை இறக்கி விளிம்பை மெத்தைக்குள் செருகியதும் கொப்பி, அது தலையணைக்குக் கீழேயே இருக்கிறது. கிண்ணியாவில் ஒரு சகோதரி இஷா தொழுகை முடிந்து தொழுகை விரிப்பை மடித்த கையோடு எழுதுகிறார். வாசல் கேற் பூட்டுவது, மாத்திரை போடுவது, எதுவாகவும் இருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு படுக்கையைத் தவிர வேறு வேலை இருக்கக்கூடாது.

எனக்கு நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

அப்போது எழுதுங்கள். தூங்குவதற்கு முன் என்பதுதான் கணக்கு. கேள்வியில் 'இன்று', 'நாளை' என்பவற்றை மட்டும் மாற்றி 'இந்த டியூட்டியில்', 'எழும்பியதும்' என்று வையுங்கள், இல்லாவிட்டால் எந்த நாளைச் சொல்கிறோம் என்ற குழப்பத்திலேயே அரை நிமிடம் போகும்.

சில இரவுகளில் அன்றைய நாளை நினைத்தாலே அழுகை வருகிறது. அப்போதும் எழுத வேண்டுமா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த வரியில் ஒரு கோடு கீறுங்கள், முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் எழுதுங்கள். முதலாவதையும் வெளியிலிருந்து வரும் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்: இன்று என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை வந்தது. நான் அப்பா போன மாதத்தில் இப்படித்தான் எழுதினேன். 'வாடைக்காற்று, தகரம் அடித்தது.' 'கோணேசர் கோயில் மணி.' வேறு எதுவும் கேட்கும் நிலையில் நான் இல்லை, அதை மட்டும் எழுத முடிந்தது.

இந்த ஊரில் போரிலும் 2004 சுனாமியிலும் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்கு இரவில் மனதைக் கிளறும் எந்தக் கேள்வியும் பழையதைத்தான் இழுத்து வரும். எழுதி மூடிய பிறகும் அரை மணி நேரம் மனம் அடங்கவில்லை என்று தொடர்ந்து மூன்று நான்கு இரவு கண்டால் இதை நிறுத்துங்கள். காலையில் எழுதிப் பார்க்கலாம், அல்லது எழுதாமலே விடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடும் பிடிக்காமல் இருந்தால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. உயிரை விடும் எண்ணம் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எடுங்கள். மூன்று கேள்வி அந்த இடத்துக்கு உரியது அல்ல.

மகன் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான். அவனையும் எழுத வைக்கலாமா?

அவனே கேள்வியை எழுதினால் வைக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்தால் 'இன்று எத்தனை மணி நேரம் படித்தேன்' என்று ஒன்று நிச்சயம் அதில் வந்துவிடும், அவனும் நீங்கள் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுவான். அவனுக்கு உதவுவது 'எந்தக் கணக்கில் எந்த வரியில் நின்றேன்' என்பது போன்ற ஒன்றுதான். அடுத்த நாள் ஆசிரியரிடம் அந்த வரியை அப்படியே காட்டிக் கேட்கலாம். முக்கியமாக, கொப்பியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு தரம் பார்த்தது தெரிந்தாலும் அதற்குப் பிறகு அவன் எழுதுவதெல்லாம் உங்களுக்காகத்தான் இருக்கும்.

இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் சேர்த்து எழுத வேண்டுமா?

வேண்டாம். முந்தாநாள் கண்ணுக்குள் நின்றது இன்று நிற்காது, ஊகித்துத்தான் எழுதுவீர்கள். இன்றைய திகதியைப் போட்டு இன்றையதை எழுதுங்கள்.

எழுதியதைத் திரும்பப் படிக்க வேண்டுமா? கேள்விகளை எப்போது மாற்றுவது?

இரவில் படிக்காதீர்கள், அது இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், பகலில், ஒரு கேள்வியின் பதில்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். இரண்டாவது கேள்வியின் பதில்களைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போதுதான் தேங்காய்த் துருவியும் கைநீள அளவும் கண்ணில் படும், ஒவ்வொரு இரவாகப் பார்த்தால் படாது.

மாற்றும் நேரம் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, திகதியை மறைத்துப் பார்த்தால் நாள் தெரியாமல் போவது. மற்றது, கேள்வி கேட்ட விஷயம் சரியாகிவிடுவது, 'ஒன்றுமில்லை' என்று தொடர்ந்து ஐந்தாறு இரவு வருவது. எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியைத்தான் மாற்ற வேண்டும், மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கை பழகிய ஓட்டம் கெட்டு முதல் வாரம் போல மறுபடி தடுமாறும். புதிய கேள்வியைப் பகலில் எழுதி, அன்றிரவே நேரம் வைத்துப் பாருங்கள்.

பாலையூற்று அக்காவின் துணிக்கேள்விக்குப் போன மாதம் முழுக்க ஒரே பதிலாக 'ஒன்றும் கிடக்கவில்லை' என்று வரத் தொடங்கியிருந்தது. அவரே அதை வெட்டிவிட்டு, 'இன்று தைத்த துணிக்கு யார் இன்னும் காசு தரவில்லை, எவ்வளவு?' என்று எழுதியிருக்கிறார். முதல் இரவுப் பதிலை எனக்குக் காட்டினார். மூன்று பேர், 4,200 ரூபாய்.